பெட்டியில் நான்கு லென்ஸ், படம் எடுப்பது ஒன்று



இந்த மாதத் தபாலில் ஆயர் தாவாரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் வந்தது. அவர் வீட்டிலேயே ரவிக்கை தைத்து, அதில் ஆரி வேலையும் செய்து கொடுப்பவர். தைத்து முடித்த கையையும் கழுத்தையும் படம் எடுத்துப் புலனத்தில் அனுப்பினால்தான் அடுத்த வேலை வருகிறது. பழைய கைப்பேசியின் திரை உடைந்துபோனதால் புதிது வாங்கச் சித்தியவானுக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் ஒரே விலையில் இரண்டைக் காட்டியிருக்கிறார். ஒன்றின் முதுகில் நான்கு லென்ஸ், மற்றதில் இரண்டு. “நான்கு இருப்பதில் மேக்ரோவும் டெப்த்தும் தனித்தனியாக இருக்கின்றனவாம். மணி வேலையைக் கிட்டத்தில் எடுக்க மேக்ரோதான் வேண்டும் என்கிறார். வாங்கலாமா ஐயா?” என்று கேட்டிருந்தார்.

இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே கேள்வி வேறு வேறு விதமாகப் பல வாசகர்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது. தீபாவளிக்கு முன் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வாங்கித் தரும் பெற்றோர் பெட்டியின் மேல் அச்சிட்ட ‘நான்கு கேமரா’ என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்த நான்கில் இரண்டு எதற்கு இருக்கின்றன, அவற்றால் படத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஈப்போவிலிருந்து ஒரு சனிக்கிழமை ஆயர் தாவாருக்கே போனேன்.

பட்டணத்துக்கு வெளியே, ஒரு காலத்தில் பால்மரமாக இருந்து இப்போது செம்பனையாக மாறிவிட்ட தோட்டத்தை ஒட்டிய வீடு அவருடையது. அவர் தம்பி மகனிடம் நான்கு லென்ஸ் கைப்பேசி ஒன்று இருந்தது. 48 மெகாபிக்சல் முதன்மை கேமரா, 8 மெகாபிக்சல் அகலக் கோணக் கேமரா, 2 மெகாபிக்சல் மேக்ரோ, 2 மெகாபிக்சல் டெப்த் என்ற அமைப்பு. 2019இல் வந்த ரெட்மி நோட் 8 தொடங்கி, அடுத்தடுத்து வந்த நோட் 9, நோட் 10 வரையிலும் இதே 48, 8, 2, 2 வரிசைதான். மற்ற நிறுவனங்களின் மலிவு விலைக் கைப்பேசிகளிலும் கடைசி இரண்டு எண்களும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. எனவே அந்தப் பையனின் கைப்பேசியில் பார்த்தது பல வீடுகளில் இருக்கும் கைப்பேசிக்கும் பொருந்தும்.

சோதனைக்குத் தையல்காரர் வீட்டில் எப்போதும் கைக்கெட்டும் பொருளையே எடுத்துக்கொண்டோம். அளவு நாடா. அதை மேசையில் நீளவாக்கில் விரித்து, முதலில் மேக்ரோவில் எடுத்தோம். இந்த வகை மேக்ரோ லென்ஸ்களில் குவியத்தை மாற்றும் பொறி கிடையாது. தொழிற்சாலையிலேயே சுமார் 4 சென்டிமீட்டர் தூரத்துக்கு நிறுத்தி ஒட்டிவிடுவார்கள். அதனால் திரையைத் தொட்டால் எதுவும் நடக்காது. நாம்தான் கைப்பேசியை முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவு வரும் இடத்தைத் தேட வேண்டும். தேடிப் பிடித்து எடுத்த படத்தில் நாடாவின் ஐந்தரை சென்டிமீட்டர் நீளம் அடங்கியிருந்தது. படத்தின் அகலம் 1600 புள்ளி. இரண்டு மெகாபிக்சல் என்பது 1600க்கு 1200தான். 55 மில்லிமீட்டருக்கு 1600 புள்ளி என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 29 புள்ளி.

அடுத்து அதே நாடாவை முதன்மை கேமராவில் எடுத்தோம். 10 சென்டிமீட்டர் வரை நெருங்கியபோதும் அது தானாகவே குவியம் பிடித்துக்கொண்டது. அதற்கும் கிட்டே போனால் மங்கியது. சட்டத்துக்குள் 13 சென்டிமீட்டர் அடங்கியது. 48 மெகாபிக்சல் என்று எழுதியிருந்தாலும், சாதாரணமாக எடுக்கும்போது நான்கு நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகவே தருகிறது. அதாவது 4000 புள்ளி அகலம். 130 மில்லிமீட்டருக்கு 4000 புள்ளி என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 31 புள்ளி.

29, 31. கிட்டத்தட்ட சமம். கிட்டத்தில் எடுப்பதற்கென்றே தனியாக வைத்த லென்ஸ், இரண்டரை மடங்கு தூரத்தில் நின்ற சாதாரண லென்ஸைவிட நுணுக்கமாக எதையும் காட்டவில்லை. ஆரி வேலையில் கோக்கும் சின்ன மணி ஒன்று சுமார் 2 மில்லிமீட்டர். மேக்ரோ அதை 58 புள்ளி அகலத்துக்கு வரைகிறது, முதன்மை கேமரா 62 புள்ளிக்கு வரைகிறது. மேக்ரோ படம் திரையில் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், அது குறைந்த இடத்தை மட்டும் காட்டுகிறது என்பதுதான். முதன்மை கேமராவின் படத்தில் நடுவிலிருந்து 1600 புள்ளி அகலத்துக்கு வெட்டி எடுத்தால் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம் கிடைக்கிறது. மேக்ரோ காட்டியதும் அதே பரப்பைத்தான். உங்கள் கைப்பேசியில் எண்கள் கொஞ்சம் மாறும். ஒரு நாடாவும் ஒரு கூட்டல் கழித்தல் பொறியும் இருந்தால் நீங்களே வீட்டில் பார்த்துவிடலாம்.

புள்ளிகளின் எண்ணிக்கை சமமாக இருந்தாலும் புள்ளியின் தரம் சமமில்லை. மெரூன் பட்டு ரவிக்கையின் கைப்பட்டையை இரண்டிலும் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். மாலை ஆகிவிட்டது, அறையில் குழல் விளக்கு. முதன்மை கேமராவின் படத்தில் ஜரிகை நூலின் முறுக்கு தெரிந்தது. மணியின் ஓட்டைக்குள் ஊசி நூல் நுழையும் இடம் தெரிந்தது. மேக்ரோ படத்தில் ஜரிகை ஒரு மஞ்சள் கோடாக வழுவழுவென்று கிடந்தது; மெரூன் நிறம் பழுப்பை நோக்கிப் போயிருந்தது; மணிகளின் ஓரம் ஒன்றோடொன்று கரைந்திருந்தது. அந்தச் சகோதரி பார்த்தவுடன் சொன்னது: “இந்தப் படத்தை அனுப்பினா மெஷின் எம்பிராய்டரின்னு நினைச்சிடுவாங்க.”

காரணம் வெளிச்சம். முதன்மை கேமராவின் உணரி, அதாவது ஒளியைப் பிடிக்கும் சில்லு, இந்த வகைக் கைப்பேசிகளில் ஏறக்குறைய 6.4 மில்லிமீட்டர் அகலமும் 4.8 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. விவரப் பட்டியலில் இதை 1/2 அங்குலம் என்று போடுவார்கள். 2 மெகாபிக்சல் உணரி 1/5 அங்குல வகை, அகலம் 2.8, உயரம் 2.1 மில்லிமீட்டர். பரப்பளவில் ஐந்து மடங்கு வித்தியாசம். லென்ஸின் வாயும் சிறியது: முதன்மையில் f/1.8, மேக்ரோவில் f/2.4. இரண்டையும் பெருக்கினால், அதே நேரத்தில் முதன்மை கேமரா சுமார் ஒன்பது மடங்கு ஒளியை வாங்குகிறது. ஒளி குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். அதை மறைக்கக் கைப்பேசியின் மென்பொருள் படத்தைத் தேய்த்து மழுப்பும். ஜரிகையின் முறுக்கும் அந்தத் தேய்ப்பில்தான் போய்விட்டது.

இதோடு இன்னொன்று. 4 சென்டிமீட்டர் என்பது இரண்டு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவு கிட்டே கைப்பேசியைக் கொண்டுபோனால் அதன் நிழலே துணிமேல் விழுகிறது. உணரி சிறியது, வாய் சிறியது, இருக்கிற வெளிச்சத்தையும் கைப்பேசியே மறைக்கிறது. நல்ல வெயிலில், அஞ்சடியில் நின்று எடுத்தபோது மேக்ரோவும் ஓரளவு சுமாரான படம் தந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வெயிலில் முதன்மை கேமரா இன்னும் நன்றாகவே எடுத்தது.

இங்கே அந்தப் பையன் நியாயமான ஒரு கேள்வி கேட்டான். “ஆனா மாமா, புலனத்துல அனுப்பும்போது மேக்ரோ படம்தான் தெளிவாப் போகுது. மெயின் கேமராவுல எடுத்தா மணியே தெரியறதில்ல.” அவன் சொன்னது உண்மை. புலனம் சாதாரண முறையில் படம் அனுப்பும்போது நீளப் பக்கத்தை ஏறக்குறைய 1600 புள்ளிக்குச் சுருக்கிவிடுகிறது. மேக்ரோ படம் ஏற்கெனவே 1600தான் என்பதால் அளவு குறையாமல் போகிறது. முதன்மை கேமராவின் 4000 புள்ளி இரண்டரையில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 62 புள்ளி மணி 25 புள்ளியாகி வாடிக்கையாளரின் திரையில் போய்ச் சேர்கிறது. கடைக்காரர்கள் மேக்ரோவை நம்பிச் சொல்வதற்கும், வாங்கியவர்கள் அதை மெச்சுவதற்கும் இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அனுப்பும் முன் படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, பிறகு அனுப்பினால் போதும். வெட்டிய படம் 1600 புள்ளிக்குள் இருப்பதால் சுருங்குவதற்கு அதில் எதுவும் இல்லை. அப்படி அனுப்பிக் காட்டியதும் பையன் தன் அத்தையின் பழைய படங்களை எல்லாம் எடுத்து வெட்டத் தொடங்கிவிட்டான்.

இனி நான்காவது லென்ஸ். டெப்த் என்கிறார்களே, அது தனியாக ஒரு படமும் எடுக்காது. கேமரா செயலியில் அதற்கென்று பொத்தான் கிடையாது. பல கைப்பேசிகளில் அது கறுப்பு வெள்ளை உணரி. ஆளை மட்டும் தெளிவாக வைத்துப் பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் முறையில், எது கிட்டே, எது தூரத்தில் என்று கணக்கிட உதவுவதே அதன் வேலை. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால், கிட்டே நீட்டிய விரல் அதிகம் நகர்ந்தும் தூரத்து மரம் கொஞ்சமே நகர்ந்தும் தெரியுமல்லவா? அந்த நகர்வை அளந்துதான் தூரத்தைச் சொல்ல வேண்டும். 2014இல் எச்டிசி ஒன் எம்8 கைப்பேசியில் இப்படி ஒரு லென்ஸை வைத்தபோது அது புதுமையாகவே இருந்தது.

மலிவுக் கைப்பேசியில் இந்தக் கணக்கு எங்கே இடறுகிறது என்று பாருங்கள். இரண்டு லென்ஸுக்கும் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் இடைவெளி. ஒன்றரை மீட்டரில் ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் அரை மீட்டர் தள்ளிச் சுவர். 2 மெகாபிக்சல் படத்தில் அவள் நகர்வது ஒன்பது புள்ளி அளவு, சுவர் நகர்வது ஏழு புள்ளி அளவு என்று தோராயமாகக் கணக்கு வருகிறது. ஆளையும் சுவரையும் பிரிக்கக் கையில் இருப்பது இரண்டு புள்ளி வித்தியாசம். ஆளும் சுவரும் இன்னும் தள்ளிப் போனால் அதுவும் ஒரு புள்ளியாகிவிடும். இந்த உணரியின் ஒரு புள்ளி, அந்தத் தூரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமான இடத்தை விழுங்கிவிடுகிறது. ஒரு முடியோ ஜிமிக்கியின் கொக்கியோ அதன் கண்ணில் படவே படாது.

அந்த வீட்டின் மூத்த மகளை, அம்மா தைத்த ரவிக்கையோடு வாசலில் நிறுத்திப் போர்ட்ரெயிட் எடுத்தோம். பின்னணி அழகாக மங்கியது. முகம் நன்றாக வந்தது. கிட்டப் பார்த்தபோது, ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள சின்ன இடைவெளியில் பின்னால் இருந்த செம்பருத்திச் செடி மங்காமல் அப்படியே கூர்மையாகத் தெரிந்தது. தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் கடைசி இரண்டு பூக்கள் பின்னணியோடு சேர்ந்து கரைந்துபோயிருந்தன. காதோரம் பறந்த முடிகள் கத்தரியால் வெட்டியதுபோல் நின்றன. பிறகு அந்த டெப்த் லென்ஸை விரலால் மூடிக்கொண்டு அதே இடத்தில் மறுபடி எடுத்தோம். பின்னணி மங்கியது. அதே பூக்கள் கரைந்தன. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று அந்தப் பெண்ணாலும் சொல்ல முடியவில்லை. எல்லாக் கைப்பேசியிலும் இப்படி ஆகாது. சிலவற்றில் லென்ஸ் மறைந்திருக்கிறது என்று எச்சரிக்கை வரும். அப்படி வந்தாலும் இன்னொரு வழி இருக்கிறது. கைப்பேசியைத் திருப்பி முன் கேமராவில் போர்ட்ரெயிட் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் இருப்பது ஒரே லென்ஸ். அங்கேயும் பின்னணி மங்குகிறது.

ஒரே லென்ஸில் அது எப்படி முடிகிறது என்றால், தலை, முடி, தோள் எப்படி இருக்கும் என்று எண்ணற்ற படங்களைக் கொண்டு பழக்கப்படுத்திய மென்பொருள், முதன்மை கேமராவின் படத்திலேயே ஆளின் வடிவத்தைப் பிரித்தெடுத்துவிடுகிறது. 2017இல் கூகள் பிக்சல் 2 பின்பக்கம் ஒரே லென்ஸை வைத்துக்கொண்டு இதைச் செய்து காட்டியது. உணரியின் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு பாதியாகப் பிரித்து, அந்தப் பாதிகளுக்கு இடையிலான மிகச் சிறிய நகர்வையும் அது பயன்படுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டு வந்த ஐபோன் எக்ஸ்ஆரும் பின்பக்கம் ஒற்றை லென்ஸோடுதான் மனிதர்களைப் போர்ட்ரெயிட் எடுத்தது. விலை உயர்ந்த கைப்பேசிகள் இந்த வழியில் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், மலிவுக் கைப்பேசிகளின் முதுகில் 2 மெகாபிக்சல் வட்டங்கள் கூடிக்கொண்டே போயின.

ஏன் என்று கேட்டால், பெட்டிக்காக. 2019, 2020 வாக்கில் ‘மூன்று கேமரா’, ‘நான்கு கேமரா’ என்பதே விற்பனையின் முதல் வரியாக இருந்தது. அந்த ஓட்டத்தில் பெரிய உணரி ஒன்றை வைப்பதைவிட, மிக மலிவான சிறிய உணரிகள் இரண்டை வைப்பது நிறுவனங்களுக்கு எளிது. பெரிய உணரியைப் பெட்டியின் மேல் படமாகக் காட்ட முடியாது, வட்டங்களை எண்ணிக்காட்டலாம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அறுநூறு, எழுநூறு வெள்ளியைச் சேர்த்து வைத்து வாங்குகிறவர்கள்தான் இந்த எண்ணிக்கையை நம்பி வாங்குகிறார்கள். ஐயாயிரம் வெள்ளிக் கைப்பேசியில் யாரும் 2 மெகாபிக்சல் வட்டத்தை ஒட்டி விற்பதில்லை. காலம் கொஞ்சம் மாறியும் வருகிறது. சாம்சங் கேலக்சி ஏ53 வரை இருந்த டெப்த் லென்ஸ், 2023இல் வந்த ஏ54இல் இல்லை. அதன் போர்ட்ரெயிட் முறை அப்படியே இருக்கிறது.

மேக்ரோ என்றாலே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021இல் வந்த ரெட்மி நோட் 10 ப்ரோவில் 5 மெகாபிக்சல் மேக்ரோ இருந்தது. அது தானாகக் குவியம் பிடிக்கும், கொஞ்சம் தள்ளி நின்றே எடுக்கலாம், நிழல் விழாது. எறும்பையும் பூவின் மகரந்தத்தையும் நன்றாகவே எடுத்தது. அதே ஆண்டு ஐபோன் 13 ப்ரோ, அகலக் கோணக் கேமராவுக்கே குவியம் மாற்றும் வசதியைக் கொடுத்து 2 சென்டிமீட்டர் வரை நெருங்க வைத்தது. தனி லென்ஸ் எதுவும் சேர்க்கவில்லை. எனவே கடையில் கேட்க வேண்டியது மேக்ரோ இருக்கிறதா என்பதல்ல, அதற்கு எத்தனை மெகாபிக்சல், தானாகக் குவியம் பிடிக்குமா என்பதே. விவரப் பட்டியலில் அந்த வரியில் AF என்று இருந்தால் பிடிக்கும். 2 மெகாபிக்சல் என்று மட்டும் இருந்தால் அந்த லென்ஸ் இல்லை என்றே நினைத்துக்கொண்டு மற்றவற்றைப் பாருங்கள்.

மற்றவற்றில் முதலில் பார்க்க வேண்டியது முதன்மை உணரியின் அளவு. 1/2, 1/2.76, 1/3 என்று பின்னமாகப் போட்டிருப்பார்கள். கீழே உள்ள எண் சிறியதாக இருந்தால் உணரி பெரியது. அடுத்து, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் OIS இருக்கிறதா என்று பாருங்கள். குழல் விளக்கில் எடுப்பவர்களுக்கு அது மிகவும் உதவும். சகோதரிக்குக் கடைக்காரர் காட்டிய இரண்டின் விவரத்தையும் கைப்பேசியிலேயே தேடிப் பார்த்தோம். நான்கு லென்ஸ் உள்ளதில் முதன்மை உணரி 1/2.76. இரண்டு லென்ஸ் உள்ளதில் 1/2, அதோடு OIS. ஒரே விலைக்கு, அவருக்கு வேண்டியது இரண்டு லென்ஸ் உள்ளதே என்று சொன்னேன்.

உணரி பெரிதாகப் பெரிதாக முதன்மை கேமரா நெருங்கக்கூடிய தூரமும் சற்றுக் கூடும். சிலவற்றில் 12, 15 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருக்கும். அப்போது கிட்டே போய் மங்கலாக்கிக்கொள்ளாமல், தெளிவு கிடைக்கும் இடத்தில் நின்று 2x பொத்தானைத் தொட்டு எடுங்கள், அல்லது எடுத்த பிறகு வெட்டுங்கள். ஆரி வேலைக்கு இன்னொன்றும் சொன்னேன். ரவிக்கையைச் சன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி விரியுங்கள். நேர் மேலே விளக்கு இருந்தால் மணியும் ஜரிகையும் தட்டையாகத் தெரியும். பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு மணியும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கைகள் மேசையில் ஊன்றியிருக்கட்டும். குவியம் பிடிக்க வேண்டிய மணியைத் திரையில் ஒருமுறை தொட்டுவிட்டு எடுங்கள்.

அவர் எடுத்த படங்களில் இரண்டை இந்த இதழின் மகளிர் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். நீங்களும் உங்கள் கைப்பேசியில் நாடாவை வைத்து மேக்ரோவிலும் முதன்மை கேமராவிலும் எடுத்துப் பார்த்து, ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை புள்ளி வந்தது என்று கைப்பேசியின் பெயரோடு எழுதி அனுப்புங்கள். வருகிறவற்றை ஒரு பட்டியலாகத் தொகுத்துத் தீபாவளி விற்பனை தொடங்கும் முன் வெளியிட எண்ணியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்